இரண்டாம் பாகத்தில் எதை வைத்துக்கொள்வது, எதை மாற்றுவது?

"போன வருஷம் கிண்டிலில் நானே ஒரு துப்பறியும் நாவல் போட்டேன். தூத்துக்குடி உப்பளத்தில் 2022 மே மாதம் நடக்கும் கதை. 58 வயசு பெண் ஏட்டு செல்வராணி, புதுசாக வந்த 26 வயசு எஸ்.ஐ. பிரவீன், இவர்கள் இரண்டு பேரும்தான் கொலையைக் கண்டுபிடிப்பார்கள். 60 பேர் நட்சத்திரம் கொடுத்திருக்கிறார்கள், 23 பேர் விமர்சனம் எழுதியிருக்கிறார்கள். நிறையப் பேர் அடுத்த பாகம் எப்போ என்கிறார்கள். வில்லனைத் திரும்பக் கொண்டு வாங்க என்று சிலர், நடுவில் இழுவை என்று சிலர். யார் சொல்வதைக் கேட்பது? எதை வைத்துக்கொள்வது, எதை மாற்றுவது?"

உங்கள் நாவலை முந்தாநாள் எடுத்து நேற்று ராத்திரி முடித்தேன். அதற்கு அப்புறம் 23 விமர்சனங்களையும் உட்கார்ந்து படித்தேன். பொதுவாக நாலு வார்த்தை சொல்லிவிட்டுப் போவதைவிட உங்கள் புத்தகத்தை வைத்தே சொல்லிவிடுகிறேன். கதை முடிவு தெரியாதவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

முதலில் விமர்சனங்களைச் சலிக்க வேண்டும். வெறும் நட்சத்திரம் போட்டவர்களை விட்டுவிடுங்கள், அதில் இரண்டாம் பாகத்துக்கு உதவும் தகவல் எதுவும் இல்லை. எழுதிய 23 பேரில் 5 பேர் உங்களுக்குத் தெரிந்தவர்கள் என்பது படித்தாலே புரிகிறது, நம்ம பையன் எழுதியது என்ற குரல் அதில் இருக்கிறது. அவர்கள் நல்லவர்கள், ஆனால் அவர்கள் நீங்கள் எது எழுதினாலும் படிப்பார்கள். மீதி 18. அதில் 4 பேர் பாதியில் நிறுத்திவிட்டதாகச் சொல்கிறார்கள். அவர்கள் சொல்வது முக்கியம்தான், ஆனால் முதல் புத்தகத்துக்கு. பாதியில் விட்டவர் இரண்டாம் பாகத்தை வாங்கப் போவதில்லை, அதனால் அவரை மனதில் வைத்து இரண்டாம் பாகத்தைத் திருத்தினால், இல்லாத ஆளுக்குச் சமைத்த மாதிரி ஆகிவிடும். ஆக, நீங்கள் காது கொடுக்க வேண்டியது 14 பேருக்கு.

இந்த 14 பேரும் என்ன கேட்கிறார்கள் என்பதைப் பின்னால் பாருங்கள், அவர்களுக்கு எது ஞாபகம் இருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். நான் ஒரு தாளில் இரண்டு பத்தி கோடு போட்டு எழுதினேன். கேட்டது ஒரு பக்கம், ஞாபகம் வைத்திருந்தது இன்னொரு பக்கம். கேட்டதில் அடுத்த பாகம், வில்லன் திரும்பி வரணும், பிரவீனுக்குக் கல்யாணம், இப்படி ஆளுக்கொன்று. ஞாபகம் வைத்திருந்ததில் 10 பேர் ஒரே விஷயத்தைச் சொல்கிறார்கள்: செல்வராணி "ஐயா, ஐயா" என்று பணிவாகப் பேசிக்கொண்டே பிரவீனை எங்கே கூட்டிப்போக நினைக்கிறாளோ அங்கே கூட்டிப்போவது. "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் ஐயா, இருந்தாலும் அந்த வாய்க்காலை ஒரு தடவை பாத்துட்டுப் போயிரலாமே" என்ற வரியை மூன்று பேர் அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறார்கள். கொலைகாரன் யார் என்பதைப் பற்றி இரண்டு பேர்தான் பேசுகிறார்கள். நீங்கள் துப்பறியும் கதை எழுதியதாக நினைக்கிறீர்கள், அவர்கள் படித்தது, பதவியில் கீழே இருக்கிற ஒரு அம்மா மேலே இருக்கிற ஒரு பையனை நடத்திக்கொண்டு போகும் கதையை. இரண்டாம் பாகத்தை எடுக்கும்போது அவர்கள் எதிர்பார்ப்பது அந்த உறவைத்தான். வேறு எதை வேண்டுமானாலும் மாற்றலாம்.

சிக்கல் என்னவென்றால் அந்த உறவை நீங்களே முடித்துவைத்துவிட்டீர்கள். கடைசி அத்தியாயத்தில் பிரவீன் "சொல்லுங்க ஏட்டம்மா, நான் கேக்குறேன்" என்கிறான். நல்ல முடிவு, எனக்கே தொண்டை அடைத்தது. ஆனால் அதற்கு அப்புறம் அவள் அவனைத் தந்திரமாக நடத்த வேண்டிய அவசியமே இல்லை, அவன்தான் கேட்கத் தயாராகிவிட்டானே. இந்த இடத்தில் நிறையப் பேர் செய்வது, ஒரு சின்னத் தப்பர்த்தத்தை உண்டாக்கி இரண்டு பேரையும் திரும்ப முட்டவிடுவது. முதல் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைக் கிழித்துப் போட்ட மாதிரி அது. வாசகர் வாய்விட்டுச் சொல்ல மாட்டார், ஆனால் 300 பக்கம் கூட வந்ததெல்லாம் வீண் என்று மனசுக்குள் பட்டுவிடும். நம்பிக்கை வந்துவிட்டது என்பதை அப்படியே விடுங்கள். அந்த நம்பிக்கையால் இப்போது யாருக்கு என்ன நஷ்டம் என்பதை மட்டும் மாற்றுங்கள். அவன் அவள் பேச்சைக் கேட்பவன் என்பதுதான் தொடக்கம் என்றால், அவள் சொல்லக்கூடாத ஒன்றை அவன் கேட்டுவிடும் நிலைமை வர வேண்டும்.

அந்த ஒன்று உங்கள் புத்தகத்திலேயே இருக்கிறது. நீங்கள் மறந்துவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். ஒன்பதாவது அத்தியாயத்தில் டீ குடித்துக்கொண்டே செல்வராணி சொல்கிறாள்: "98ல ஒரு பொம்பளை சொன்னதை நான் எழுதாம விட்டேன் ஐயா." பிரவீன் ஏன் என்று கேட்பதற்குள் ஜீப் வந்துவிடுகிறது. அதற்கு அப்புறம் அந்தப் பேச்சே இல்லை. விமர்சனத்தில் இரண்டு பேர் அதைக் கேட்கிறார்கள், ஒருவர் கொஞ்சம் கோபமாகவே. இன்னொரு விமர்சனம், நீங்கள் எரிச்சல்பட்டிருப்பீர்கள், போலீஸ் துறையில் இருந்தவர் எழுதியது போலத் தெரிகிறது: "36 வருஷ சர்வீஸ் போட்டவங்க இன்னும் ஏட்டாவா இருப்பாங்க?" என்று. அவர் கேட்பது நியாயம். அப்போதைய நடைமுறைப்படி இரண்டாம் நிலைக் காவலராகச் சேர்ந்தவர் 10 வருஷத்தில் முதல் நிலை, அடுத்த 5 வருஷத்தில் ஏட்டு, அதற்கு மேல் 10 வருஷம், ஆக 25 வருஷத்தில் சிறப்பு உதவி ஆய்வாளர் ஆகிவிடுவார். 1986ல் சேர்ந்த செல்வராணி 2011லேயே ஆகியிருக்க வேண்டும். தண்டனை ஏதாவது இருந்தால்தான் தள்ளிப்போகும்.

இந்த இரண்டு விமர்சனங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்று நீங்கள் விட்டுவிட்டுப் போன கேள்வி, இன்னொன்று உங்கள் பிழை. பிழையை அந்தக் கேள்விக்குப் பதிலாக வைத்துவிட்டால் இரண்டாம் பாகம் கையில் இருக்கிறது. அவள் ஏன் இன்னும் ஏட்டு? 98ல் எழுதாமல் விட்ட அந்த வாக்குமூலத்தால். ஆனால் ஒரு தண்டனை என்றால் இரண்டு மூன்று வருஷம் தள்ளிப்போகும், 11 வருஷம் தள்ளிப்போக அது மட்டும் போதாது. அதனால் அவள் அப்புறமும் வாயை மூடிக்கொண்டு இருக்கவில்லை, ஒரு தடவைக்கு மேல் வாங்கிக் கட்டிக்கொண்டாள் என்று வர வேண்டும், அது அவள் குணத்துக்கும் பொருந்துகிறது. இந்த இடத்தை எழுதும் முன் ஓய்வு பெற்ற காவலர் ஒருவரிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்டுவிடுங்கள்.

பிழையைக் கதையாக்குவது திருட்டுத்தனம் என்று தோன்றினால், 400 வருஷத்துக்கு முன்னால் ஸ்பானிய எழுத்தாளர் செர்வாண்டிஸ் இதைத்தான் செய்தார். டான் குயிக்ஸாட் முதல் பாகம் 1605ல் வந்தது. அதில் நாயகனின் பணியாள் சான்சோவின் கழுதை திருடு போகும், பிறகு ஒரு விளக்கமும் இல்லாமல் அவன் அதே கழுதை மேல் போய்க்கொண்டிருப்பான். வாசகர்கள் பிடித்துக்கொண்டார்கள். 1615ல் வந்த இரண்டாம் பாகத்தின் தொடக்கத்திலேயே படித்த இளைஞன் ஒருவன் வந்து, முதல் பாகத்தைப் பற்றி ஊரில் என்னென்ன குறை சொல்கிறார்கள் என்று கதாபாத்திரங்களிடமே சொல்கிறான். திருட்டு எப்படி நடந்தது என்று சான்சோ விலாவாரியாகச் சொல்கிறான். திரும்ப எப்படிக் கழுதை மேல் ஏறினாய் என்றால், எழுதினவர் தப்பு பண்ணியிருப்பார், இல்லாவிட்டால் அச்சடித்தவர் தப்பு என்று கையை விரிக்கிறான்! கதைக்குச் சம்பந்தமில்லாத ஒரு தனிக்கதையை நடுவில் செருகியதற்கும் அங்கே ஒரு குட்டு இருக்கிறது. அந்தக் குறையை மட்டும் அவர் சிரித்து ஒதுக்கவில்லை, இரண்டாம் பாகத்தில் அப்படிச் சம்பந்தமில்லாமல் செருகுவதை நிறுத்திக்கொண்டார்.

இழுவை என்று உங்களுக்கு வந்த புகாருக்கு அது பொருந்தும். முழுசாகப் படித்த 14 பேரில் 3 பேர் இழுவை என்கிறார்கள், மூன்று பேரும் சொல்வது ஒரே இடம், 14 முதல் 19 வரை அத்தியாயம். செல்வராணியும் பிரவீனும் ஆளுக்கொரு பக்கமாக உப்பள முதலாளிகளை விசாரிக்கும் பகுதி. முழுசாகப் படித்தவர்களே அங்கே சலித்தார்கள் என்பதால் அதை எடுத்துக்கொள்ளலாம். கிண்டிலின் சந்தாத் திட்டமான அன்லிமிடெடில் புத்தகம் இருந்தால், நீங்கள் புத்தகம் ஏற்றும் கேடிபி தளத்தின் அறிக்கையில் ஒரு நாளைக்கு எத்தனை பக்கம் படித்தார்கள் என்று வரும், யார் எந்தப் பக்கத்தில் நிறுத்தினார்கள் என்று வராது. ஆனாலும் உங்களைப் போல் ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு பேர் படிக்கும் புத்தகத்துக்கு அதிலேயே கொஞ்சம் மோப்பம் பிடிக்கலாம். 312 பக்கப் புத்தகத்துக்கு 140, 150 என்று வந்து நின்று, அடுத்த சில நாள் பூஜ்யம் என்று அடிக்கடி இருந்தால் பாதியில் ஏதோ இருக்கிறது. இது ஒரு சாடைதான், சாட்சி இல்லை, மூன்று வாசகர்கள் சொன்னதோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க மட்டும் பயன்படுத்துங்கள்.

ஏன் இழுவை என்பதுதான் விஷயம். விசாரணை நீளம் என்பதால் இல்லை, 5 முதல் 8 வரையும் விசாரணைதானே, அதை யாரும் குறை சொல்லவில்லை. 14க்கு அப்புறம் இரண்டு பேரும் தனித்தனியாகப் போகிறார்கள். ஆறு அத்தியாயத்துக்கு ஏட்டம்மாவும் எஸ்.ஐ.யும் ஒரே இடத்தில் நின்று பேசவே இல்லை. பத்துப் பேர் எதற்காகப் புத்தகத்தைக் கையில் வைத்திருந்தார்களோ அது ஆறு அத்தியாயம் காணோம். அதனால் இரண்டாம் பாகத்தில் விசாரணையைக் குறைத்துச் சண்டைக்காட்சி சேர்க்கப் போகாதீர்கள். அவர்கள் பிரிந்தால் இரண்டு அத்தியாயத்துக்கு மேல் பிரித்து வைக்காதீர்கள், அவ்வளவுதான்.

வில்லன் விஷயத்துக்கு வருகிறேன். கணக்குப்பிள்ளை தங்கதுரையைத் திரும்பக் கேட்பவர்கள் 3 பேர். சட்டப்படி அவனை வெளியே கொண்டுவர வழி இருக்கிறது, கொலை வழக்கில் 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாவிட்டால் ஜாமீன் கிடைக்கும். ஆனால் அப்படி வந்தால் செல்வராணி பிடித்ததற்கு என்ன அர்த்தம்? இதில் நான் சூடுபட்டவன். என் முதல் நாவலில் ஒரு டீக்கடைக்காரர் வருவார், ஊர்வம்பு பேசுபவர், மொத்தம் 40 காட்சியில் 5 காட்சிதான். அவரைப் பற்றி இன்னும் எழுதுங்க என்று வந்த மெசேஜ்களைப் பார்த்து, இரண்டாவது நாவல் முழுக்க அவரை வைத்தே எழுதினேன். கேட்டவர்களே 50 பக்கத்துக்கு மேல் போகவில்லை. இரண்டாவது புத்தகத்தில் படிக்கப்பட்ட பக்கங்கள் முதலாவதில் கால்வாசிகூட வரவில்லை. ஊறுகாய் நன்றாக இருக்கிறது என்று சொன்னவருக்கு ஊறுகாயையே சோறாகப் போட்டேன். அந்த ஆள் ஐந்து காட்சி மட்டும் வந்ததுதான் அவர் ருசி என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.

தங்கதுரையிலும் அதேதான். அவனை விரும்பியவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள், "அவ்வளவு மெதுவா பேசுறான்", "கணக்கு மாதிரியே கொலையையும் சொல்றான்". அவர்களுக்குப் பிடித்தது அந்தக் குரல். பாளையங்கோட்டை மத்திய சிறையில் ஒரே ஒரு காட்சி வையுங்கள். செல்வராணிக்கு 98ம் வருஷத்து உப்பளக் கணக்கில் ஒரு தகவல் வேண்டும், அது தெரிந்தவன் அவன் ஒருத்தன்தான். அவள் போய்க் கேட்கிறாள், அவன் அதே மெதுவான குரலில் பதிலுக்கு ஒன்று கேட்கிறான். கேட்ட மூன்று பேருக்கும் அது போதும், மற்றவர்களுக்கும் தொந்தரவு இல்லை.

இனி காலம். உப்பளத்தை மாற்றாதீர்கள், பருவத்தை மாற்றுங்கள். முதல் புத்தகம் மே மாத வெயில், உப்பு வாரும் காலம், வெள்ளை வெளிச்சம் கண்ணைக் கூசும். வடகிழக்குப் பருவமழை வந்துவிட்டால் அதே இடம் வேறு ஊர். அக்டோபர் முதல் டிசம்பர் வரை பாத்தியில் தண்ணீர், வேலை இல்லை, தொழிலாளிக்குக் கூலி இல்லை, அரசு கொடுக்கும் 5000 ரூபாய் மழைக்கால நிவாரணத்தை எதிர்பார்த்து இருக்கும் வீடுகள். அதிலும் 2023 டிசம்பர் 17, 18 மழை இருக்கிறது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் கொட்டியது, தூத்துக்குடி மாவட்டமே மிதந்தது, குவித்து வைத்த உப்பு கரைந்து போனது. உங்கள் முதல் கதையில் பிணம் கிடந்ததே உப்பு அம்பாரத்துக்கு அடியில்தான். அம்பாரம் கரைந்தால் அடியில் இருப்பது வெளியே வரும் என்பதை நான் சொல்லவே வேண்டாம்.

செல்வராணியின் வயதும் இங்கே வந்து சேர்கிறது. 2022 மே மாதம் 58 வயசு, ரிட்டயர் ஆக இன்னும் இரண்டு வருஷம் என்று அவளே சொல்கிறாள். தமிழ்நாட்டில் 2021 முதல் ஓய்வு வயது 60, அதனால் 2024 மே மாதம் அவள் வீட்டுக்குப் போக வேண்டும். 2023 டிசம்பரில் 5 மாதம் மிச்சம். அவள் மேல் துறை விசாரணை ஏதாவது நிலுவையில் இருந்தால் ஓய்வுக்காலப் பணம் முழுசாகக் கைக்கு வராது. வெள்ளத்துக்கு அப்புறம் ஸ்டேஷன் ரெக்கார்டு அறையில் நனைந்த கட்டுகளைக் காயப்போடும்போது பிரவீன் கையில் 98ம் வருஷத்துக் கட்டு வருகிறது, வாக்குமூலம் இருக்க வேண்டிய இடத்தில் வெற்றுத் தாள், கீழே அவள் கையெழுத்து. அவன் அவளிடம் கேட்டால் அவள் உண்மையைச் சொல்லிவிடுவாள், ஏனென்றால் இப்போது அவர்களுக்குள் நம்பிக்கை இருக்கிறது. சொன்னால் அவன் மேலே எழுத வேண்டும். எழுதினால் அவள் பணம் போகும். இப்போது பணிவாகச் சுற்றி வளைத்துப் பேச வேண்டியவன் அவன். அதே ஆட்டம், ஆள் மாறி உட்கார்ந்திருக்கிறார்கள். வாசகர் கேட்ட பேச்சு திரும்ப வருகிறது, ஆனால் பழசில்லை.

முன்கதை எவ்வளவு சொல்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அதில்தான் எல்லாரும் வழுக்குகிறோம். தொடக்கத்தில் இரண்டு பக்கம் முன்கதைச் சுருக்கம் போடாதீர்கள். ஒரு வருஷம் கழித்துப் படிப்பவருக்குச் செல்வராணியும் பிரவீனும் ஞாபகம் இருப்பார்கள், மூன்று முதலாளிகளின் பெயர் இருக்காது, இருக்கவும் வேண்டாம். முதல் மூன்று அத்தியாயம் எழுதியதும் முதல் பாகம் படிக்காத ஒருவரிடமும் படித்த ஒருவரிடமும் கொடுங்கள். முதலாமவர் யார் இவர் என்று கேட்ட இடத்தில் அரை வரி சேருங்கள், இரண்டாமவர் இதுதான் தெரியுமே என்ற இடத்தில் வெட்டுங்கள். இரண்டு பேரும் ஒரே வரியைக் காட்டினால் அந்த வரியைப் பேச்சாக மாற்றிவிடுங்கள், பிரவீன் யாரிடமோ சொல்வது போல.

முதல் பாகத்தைத் திருத்தலாமா என்ற ஆசை வரும், கேடிபியில் எப்போது வேண்டுமானாலும் புதுக் கோப்பை ஏற்றலாம் என்பதால். எழுத்துப்பிழை, தேதிக் குழப்பம் இவற்றைத் திருத்துங்கள். 14 முதல் 19ஐ இறுக்க வேண்டும் என்றால் அதையும் செய்யலாம், வருகிறவர்களுக்கு உதவும். ஆனால் நடந்த சம்பவத்தை மாற்றாதீர்கள், ஏற்கெனவே வாங்கியவர் கையில் பெரும்பாலும் பழைய பதிப்புதான் இருக்கும், அவர் ஞாபகத்தில் நிச்சயமாகப் பழையதுதான். முக்கியமாக ஏட்டு என்பதைத் திருத்திவிடாதீர்கள், இரண்டாம் பாகமே அதன் மேல்தான் நிற்கப் போகிறது.

மற்றவை சின்ன வேலைகள். இரண்டையும் ஒரே தொடராக இணைத்து எண் கொடுங்கள், அட்டையில் அதே எழுத்துரு. இரண்டாம் பாகத்தை முதலில் ஏதாவது தொடர்கதைத் தளத்தில் இலவசமாகப் போட நினைத்தால், கிண்டில் அன்லிமிடெடில் சேர்க்கும் முன் அங்கிருந்து எடுத்துவிட வேண்டும், அதில் இருக்கும் வரை மின்பதிப்பு வேறெங்கும் இருக்கக்கூடாது என்பது விதி.

பிரவீனுக்குக் கல்யாணம் கேட்டவர் ஒரே ஒருவர். அவரை விட்டுவிடலாம்.

எழுத உட்காரும்போது வெள்ளத்தில் தொடங்காதீர்கள், அது எப்படியும் வந்துவிடும். ரெக்கார்டு அறையில் பிரவீன் அவளிடம் முதல் தடவையாகச் சுற்றி வளைத்துப் பேசும் அந்த ஒரு காட்சியை முதலில் எழுதுங்கள், நாலு பக்கம். அவன் எதையோ மறைக்கிறான் என்று செல்வராணி எந்த வரியில் கண்டுபிடிக்கிறாள் என்பது உங்களுக்கே தெரிந்துவிட்டால் மீதி 300 பக்கத்தை ஆரம்பிக்கலாம். தெரியாவிட்டால் 98ல் அந்தப் பெண் என்ன சொன்னாள் என்பது உங்களுக்கு இன்னும் முடிவாகவில்லை, முதலில் அதை முடிவு செய்யுங்கள்.